'ஃபியூ'வுக்கு முன்னால் ஒரு 'எ'

எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்கும் வகை அதில் உண்டு. அந்த வகையில் இப்படி ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம்: 'ஹி ஹேட் ஃபியூ ஃபிரெண்ட்ஸ் / இன் டெல்லி, ஸோ ஹி / வாஸ் நெவர் லோன்லி / நோ எரர்.'

பழகிய மாணவர் முதலில் காலத்தைப் பார்ப்பார். 'ஹேட்', 'வாஸ்' இரண்டும் இறந்த காலம், சரி. அடுத்து 'இன்' சரியா என்று பார்ப்பார், சரி. 'ஃபிரெண்ட்ஸ்' பன்மை, 'ஃபியூ'வோடு பன்மைதான் வரவேண்டும், அதுவும் சரி. ஆகவே 'நோ எரர்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அரை மதிப்பெண் அங்கே போய்விடும். பிழை முதல் துண்டில் இருக்கிறது. எழுதியிருப்பதில் எதுவும் தப்பில்லை, எழுதாமல் விட்ட ஓர் எழுத்துதான் தப்பு. 'ஹி ஹேட் எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றிருந்தால்தான் பின்பாதியான 'ஆகவே அவன் ஒருநாளும் தனிமையை உணரவில்லை' என்பதோடு ஒட்டும்.

இந்த 'எ' என்ன செய்கிறது என்பதை வகுப்பறையில் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 'ஃபியூ' என்றால் ஏறக்குறைய இல்லை, 'எ ஃபியூ' என்றால் சில. 'லிட்டில்' என்றால் ஏறக்குறைய இல்லை, 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம். மனப்பாடம் செய்ய வசதியான வரிதான். ஆனால் அதைக் கேட்ட மாணவர் இது அளவு பற்றிய வேறுபாடு என்று நினைத்துக்கொள்கிறார். 'ஃபியூ' என்றால் இரண்டு மூன்று பேர், 'எ ஃபியூ' என்றால் ஐந்தாறு பேர் என்பது போல. தேர்வில் சறுக்குவதற்கு அந்த நினைப்பே காரணம்.

டெல்லிக்காரனுக்கு நண்பர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று பேரைப் பற்றி 'ஹி ஹேட் ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றும் சொல்லலாம், 'ஹி ஹேட் எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கும். முதலில் சொல்பவர், இவனுக்கு இன்னும் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் நின்று, இல்லாதவர்களைப் பார்க்கிறார். இரண்டாவதாகச் சொல்பவர் யாருமே இல்லாமல் போயிருக்கலாமே என்ற இடத்தில் நின்று, இருப்பவர்களைப் பார்க்கிறார். எண்ணிக்கை மாறவில்லை, பார்வை விழும் பக்கம் மாறிவிட்டது.

இது வெறும் நயம் பாராட்டல் இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா மாக்ஸி, ஆண்டனி சான்ஃபர்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். அளவுச்சொல் உள்ள ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அடுத்த வாக்கியத்தை 'தே', அதாவது 'அவர்கள்' என்று தொடங்கி எழுதச் சொன்னால், படிப்பவர்கள் யாரைப் பற்றி எழுதுகிறார்கள்? நம் ஊர்ப் பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். 'எ ஃபியூ பேரண்ட்ஸ் கேம் டு தி மீட்டிங். தே…' என்று கொடுத்தால், 'அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்', 'அவர்கள் ஆசிரியரிடம் கேள்வி கேட்டார்கள்' என்றுதான் எழுதத் தோன்றும். அந்த 'அவர்கள்' கூட்டத்துக்கு வந்தவர்கள். 'எ'யை எடுத்துவிட்டு 'ஃபியூ பேரண்ட்ஸ் கேம் டு தி மீட்டிங். தே…' என்று கொடுங்கள். 'அவர்களுக்கு வேலை இருந்தது', 'அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை' என்று கை எழுதும். இந்த 'அவர்கள்' வராதவர்கள்! முதல் வாக்கியத்தில் வராதவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் 'ஃபியூ' என்ற ஒற்றைச் சொல் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்து தேர்வுக்கு நேரடியாக ஒரு வழி கிடைக்கிறது. கோடிட்ட இடத்தைச் சுற்றியுள்ள சொற்களை மட்டும் பார்த்தால் விடை தெரியாது. வாக்கியத்தின் மறுபாதி யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். இருப்பதைக் கொண்டு ஏதாவது நடக்கிறதென்றால் 'எ' வேண்டும். இல்லாததால் ஏதாவது நின்றுபோகிறதென்றால் 'எ' கூடாது. 'தேர் இஸ் டேஷ் மில்க் இன் தி ஃப்ரிட்ஜ், ஸோ வீ கேன் மேக் காஃபி' என்பதில் காப்பி போட முடிகிறது, ஆகவே 'எ லிட்டில்'. 'ஸோ வீ கேனாட் மேக் காஃபி' என்று முடிந்தால் 'லிட்டில்'. இடையில் வரும் இணைப்புச்சொல்லையும் விடக் கூடாது. 'ஸோ' இருந்த இடத்தில் 'பட்' வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 'தேர் இஸ் டேஷ் மில்க், பட் வீ கேன் ஸ்டில் மேக் காஃபி' என்றால் முன்பாதி குறையைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் 'ஆனாலும்' பொருந்தும். ஆகவே இங்கே 'லிட்டில்'. காப்பி போட முடிகிறது என்பதை மட்டும் பார்த்து 'எ லிட்டில்' போட்டவர் மாட்டிக்கொள்வார். கேள்வி தயாரிப்பவர்கள் விரும்பி வைக்கும் கண்ணி இது.

'ஃபியூ'வும் 'லிட்டிலும்' எதிர்மறைப் பக்கம் சாய்கின்றன என்பதற்குப் பொருளில் மட்டுமல்ல, இலக்கணத்திலேயே தடயங்கள் உண்டு. எட்வர்ட் கிளைமா என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆங்கில எதிர்மறை பற்றி 1964-இல் எழுதிய கட்டுரையில், ஒரு வாக்கியம் உள்ளுக்குள் எதிர்மறையா இல்லையா என்று கண்டுபிடிக்கச் சில சோதனைகளைத் தொகுத்தார். 'நாட்' என்ற சொல் இல்லாமலேயே எதிர்மறையாக நடந்துகொள்ளும் வாக்கியங்களை அவை காட்டிக்கொடுக்கும்.

அவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது வால்கேள்வி. 'ராமு நோஸ் திஸ்' என்று உடன்பாடாக முடிந்தால் வாலில் 'டஸன்ட் ஹி?' என்று எதிர்மறை வரும். 'ராமு டஸன்ட் நோ திஸ்' என்றால் வாலில் 'டஸ் ஹி?' என்று உடன்பாடு வரும். 'எ ஃபியூ பீப்பிள் நோ திஸ்' என்பதற்கு வால் 'டோன்ட் தே?'. 'ஃபியூ பீப்பிள் நோ திஸ்' என்பதற்கு வால் 'டு தே?'. 'நாட்' எங்கேயும் இல்லை, ஆனால் வாக்கியம் எதிர்மறை போல நடந்துகொள்கிறது. வால்கேள்வியைத் தனிப் பாடமாகவும் 'ஃபியூ'வைத் தனிப் பாடமாகவும் படித்தவருக்கு இது விதிவிலக்கு என்று இன்னொரு குறிப்பாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதிவிலக்கே இல்லை.

'எனி'யும் அப்படித்தான். 'ஐ ஹேவ் எனி டவுட்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஐ டோன்ட் ஹேவ் எனி டவுட்' என்போம். சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் 'எனி'க்கு இடமில்லை, எதிர்மறையின் நிழல் வேண்டும். 'ஃபியூ ஸ்டூடண்ட்ஸ் ஹேட் எனி டவுட்' என்பது சரியான வாக்கியம், ஏனென்றால் அந்த நிழலை 'ஃபியூ' கொடுக்கிறது. 'எ ஃபியூ ஸ்டூடண்ட்ஸ் ஹேட் எனி டவுட்' என்றால் தப்பு, அங்கே 'சம் டவுட்ஸ்' வரவேண்டும். 'லிட்டில் டிட் ஐ நோ' என்று வினாவைப் போல வரிசை புரளும் வாக்கியமும் இதே குடும்பம். 'நெவர்' முன்னால் வந்தால் புரள்வது போலவே 'லிட்டில்' முன்னால் வந்தாலும் புரளும். 'எ லிட்டில்' முன்னால் வந்து அப்படிப் புரளாது.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த வேறுபாடு அந்நியமானது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் விருந்தாளி வரும்போது அடுப்படியிலிருந்து 'பால் கொஞ்சம் இருக்கு' என்று குரல் வந்தால் காப்பி உண்டு என்று பொருள். 'பால் கொஞ்சம்தான் இருக்கு' என்று வந்தால் யாராவது கடைக்குக் கிளம்ப வேண்டும். அளவு அதே அரைத் தம்ளராக இருக்கலாம். நாம் இதைத் 'தான்' கொண்டு செய்கிறோம், அல்லது வினையையே எதிர்மறையாக்கி 'அவ்வளவா இல்ல', 'நிறையப் பேர் வரல' என்கிறோம். 'ஃபியூ பேரண்ட்ஸ் கேம்' என்பதை 'சில பெற்றோர் வந்தார்கள்' என்று மாற்றினால் பொருள் தவறிவிடும். 'பெற்றோர் அதிகம் பேர் வரவில்லை' என்பதே அதன் தமிழ். அகராதியில் 'ஃபியூ' என்பதற்கு நேராகச் 'சில' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் படித்த பிள்ளை குழம்புவது அதன் குற்றமில்லை. தேர்வறையில் மறுபாதியைத் தமிழில் நினைத்துக்கொண்டு, முன்பாதியில் 'தான்' போட்டால் ஒட்டுகிறதா, போடாவிட்டால் ஒட்டுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். 'தான்' ஒட்டினால் 'எ' வேண்டாம்.

இந்தத் 'தான்' நம்மை ஓர் இடத்தில் இடறவும் வைக்கிறது. 'சீட் கொஞ்சம்தான் இருக்கு' என்பதை நாம் அப்படியே 'ஒன்லி ஃபியூ சீட்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். அறிவிப்புப் பலகைகளிலும் விளம்பரத் தாள்களிலும் இதைப் பார்க்கலாம். தேர்வில் இது பிழை. 'ஒன்லி எ ஃபியூ சீட்ஸ்' என்பதே சரி. 'எ ஃபியூ' இருப்பதைச் சொல்கிறது, அதற்கு மேல் இல்லை என்று 'ஒன்லி' வந்து வரம்பு கட்டுகிறது. வெறும் 'ஃபியூ' ஏற்கெனவே குறையைச் சொல்லிவிட்டதால் 'ஒன்லி'க்கு அங்கே வேலை இல்லை. 'வெரி', 'டூ', 'ஸோ' ஆகியவை இதற்கு எதிர்ப்பக்கம். அவை குறையை அழுத்தும் சொற்கள், ஆகவே 'வெரி ஃபியூ', 'டூ ஃபியூ' என்றுதான் வரும், நடுவில் 'எ' நுழையாது. 'குவைட் எ ஃபியூ' மட்டும் பார்த்தவுடன் ஏமாற்றும். 'குவைட்' என்பதைக் கேட்டு 'மிகச் சில' என்று பொருள் கொள்ளத் தோன்றும். உண்மையில் அது 'கணிசமான பேர்', கிட்டத்தட்ட 'நிறைய' என்று பொருள்படும். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் இந்தத் தொடர் வந்து, கேள்வியில் 'வெகு சிலரே வந்தார்கள், சரியா தவறா' என்று கேட்டால் தவறு என்று குறிக்க வேண்டும்.

'ஃபியூ' எண்ணக்கூடியதற்கு, 'லிட்டில்' எண்ண முடியாததற்கு என்ற விதியை விளக்க அதிகம் தேவையில்லை. இடறுவது பட்டியலில்தான். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'நியூஸ்' எல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. தமிழில் 'ரெண்டு லக்கேஜ்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'எ ஃபியூ லக்கேஜஸ்' சரியாகவே ஒலிக்கும். 'எ லிட்டில் லக்கேஜ்' என்பதே விடை. பணம் எண்ணுகிற பொருள்தானே என்று கேட்பார்கள். எண்ணுவது ரூபாயை, 'மணி' என்ற சொல் எண்ணப்படாதது. ஆகவே 'எ ஃபியூ ருப்பீஸ்', ஆனால் 'எ லிட்டில் மணி'.

'தி ஃபியூ', 'தி லிட்டில்' என்று மூன்றாவது ஒன்றும் தேர்வில் வரும். இருந்ததே கொஞ்சம், அந்தக் கொஞ்சம் முழுவதும் என்று பொருள். அதற்கு அடையாளம் பின்னால் வரும் 'ஹி ஹேட்', 'ஐ நோ' போன்ற சிறு துணைவாக்கியம். 'டேஷ் மணி ஹி ஹேட் வாஸ் ஸ்டோலன்' என்றால், அவனிடமிருந்த அந்தக் கொஞ்சப் பணமும் திருடு போயிற்று, 'தி லிட்டில்'.

இதையெல்லாம் புத்தகத்தில் தேடுபவருக்கு ஒரு குறிப்பு. ரென் அண்டு மார்ட்டின் புத்தகம் 'ஃபியூ', 'லிட்டில்', 'ஈச்', 'எவ்ரி' எல்லாவற்றையும் பெயரடைகளோடு, அதாவது 'அட்ஜெக்டிவ்' தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் அவற்றையே 'டிட்டர்மினர்ஸ்' என்கிறது. ராண்டால்ஃப் குவெர்க்கும் மூவரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணத்திலும் அவை 'டிட்டர்மினர்' பகுதியில்தான் வருகின்றன. பெயரடையாக இருந்தால் 'பிக் ரெட் பால்' என்பது போல எத்தனையையும் அடுக்கலாம். 'தி', 'மை', 'எவ்ரி' போன்றவற்றை அப்படி அடுக்க முடியாது. 'தி எவ்ரி பாய்' என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுவதுதான். புதிய வகைப்பாடு வந்ததன் காரணமும் அதுவே.

அந்த நாற்காலியில் உட்காரும் 'ஈச்', 'எவ்ரி' இரண்டும் பிறப்பிலேயே உறவு. பழைய ஆங்கிலத்தில் 'எப்போதும்' என்ற பொருளுள்ள 'எவர்' என்பதன் மூதாதையும் 'ஈச்' என்பதன் மூதாதையும் சேர்ந்து ஒட்டியதுதான் 'எவ்ரி'. பொருளும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், பல வாக்கியங்களில் எதைப் போட்டாலும் சரி. தேர்வுக்கு வேண்டியது எங்கே ஒன்று மட்டும் செல்லும் என்பது.

ஸெனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் 1962-இல் 'ஈச்', 'எவ்ரி', 'எனி', 'ஆல்' என்ற நான்கு சொற்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்த வேறுபாட்டை நம் வழக்கில் சொல்வதானால், 'எவ்ரி' கூட்டத்தை முழுவதுமாகப் பார்க்கிறது, ஒருவரும் விட்டுப்போகவில்லை என்கிறது. 'ஈச்' ஆளாளாகப் போய் நிற்கிறது. சத்திரத்தில் பந்தி நடக்கிறது என்றால் 'எல்லாரும் சாப்பிட்டாச்சு' என்பது 'எவ்ரி'. 'ஆளுக்கு ரெண்டு இட்லி' என்பது 'ஈச்'. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வுக்கான விதிகள் தாமாகவே வந்துவிழும்.

'ஏறக்குறைய' என்ற பொருளுள்ள 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' இரண்டும் 'எவ்ரி'யோடு மட்டும் சேரும். முழுக் கூட்டத்தை நினைத்தால்தான் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்தோம் என்று சொல்ல முடியும். 'ஆல்மோஸ்ட் எவ்ரி ஸ்டூடண்ட் பாஸ்டு' சரி, 'ஆல்மோஸ்ட் ஈச் ஸ்டூடண்ட்' பிழை. இரண்டே இரண்டு இருக்கும்போது 'எவ்ரி' வராது, இரண்டை யாரும் கூட்டமாக நினைப்பதில்லை. தண்ணீர் எடுத்து வரும் பெண்ணின் 'ஈச் ஹேண்ட்'இல் ஒரு குடம் இருக்கலாம், 'எவ்ரி ஹேண்ட்'இல் இருக்க முடியாது. சாலையின் இருமருங்கிலும் மரம் என்றால் 'ஆன் ஈச் சைட் ஆஃப் தி ரோட்'. இடைவெளியைச் சொல்லும்போது மாறாக 'எவ்ரி' மட்டுமே: 'எவ்ரி டென் மினிட்ஸ்', 'எவ்ரி ஃபியூ டேஸ்'. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதில் 'ஈச் டென் மினிட்ஸ்' என்று எழுதினால் பிழை. 'எவ்ரி'க்குப் பின் பன்மை வரும் அபூர்வ இடமும் இதுதான். பத்து நிமிடத்தையும் ஒரே கட்டாக எண்ணுவதால் அது பொறுக்கப்படுகிறது.

'ஈச்' தனியே நிற்கும், 'எவ்ரி' நிற்காது. 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்' உண்டு, 'எவ்ரி ஆஃப் தி பாய்ஸ்' கிடையாது, நடுவே 'ஒன்' வேண்டும். இதிலேயே இன்னொரு நுணுக்கம், 'ஆஃப்' தொடர்ந்தால் 'எவ்ரி', 'ஒன்' இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.

வினை ஒருமையா பன்மையா என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். 'ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேவ்' என்று எழுதுவது 'பாய்ஸ்' என்ற பன்மை வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால். எழுவாய் 'ஈச்', ஆகவே 'ஹாஸ்'. 'எவ்ரி மேன் அண்ட் எவ்ரி உமன்' என்று 'அண்ட்' போட்டு இருவரைச் சொன்னாலும் 'ஹாஸ்'தான். ஆனால் 'தி பாய்ஸ் ஈச் ஹேவ் எ புக்' என்பதில் 'ஹேவ்' சரி. இங்கே எழுவாய் 'தி பாய்ஸ்', 'ஈச்' பின்னால் வந்து ஆளுக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கிறது, அவ்வளவே. 'ஈச் வந்தால் ஒருமை' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த வாக்கியத்தில் இல்லாத பிழையைத் திருத்திவிட்டு வருவார். 'ஈச்' எழுவாய்க்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

தமிழிலும் இதே இடத்தில் நாம் தடுமாறுகிறோம். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று மேடையில் பேசுகிறார்கள், செய்தியில் படிக்கிறார்கள். 'ஒவ்வொரு மாணவரும்' என்பதே மரபு, தமிழ்த் தாளில் பிழை திருத்தச் சொல்லும் வகைகளில் இதுவும் ஒன்று. மனத்தில் கூட்டம் நிற்கிறது, சொல் ஒருவரைக் குறிக்கிறது. இரண்டு மொழியிலும் இடறல் ஒன்றே என்பதால், ஒன்றில் தெளிந்தால் இன்னொன்றிலும் கை தானாகத் திருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பில் ஒரு விதி மட்டும் காலத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. 'எவ்ரி ஸ்டூடண்ட் ஷுட் பிரிங் ஹிஸ் புக்' என்பதா, 'தேர் புக்' என்பதா? பழைய புத்தகங்களைப் பின்பற்றும் பயிற்சித் தாள்கள் 'ஹிஸ்' என்கின்றன. ஆங்கிலம் பேசுவோர் இந்த இடத்தில் 'தேர்' என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கும் வகுப்பைப் பற்றிய வாக்கியத்தில் 'ஹிஸ்' மட்டுமே சரி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் தேர்வு எழுதுகிறவரிடம் அதற்காக அரை மதிப்பெண்ணை இழக்கச் சொல்லவும் முடியாது. அவர் முதலில் மற்றத் துண்டுகளைப் பார்க்கட்டும். வேறெங்காவது சந்தேகமில்லாத பிழை இருந்தால் 'தேர்' கேள்வியே இல்லை. வேறு எதுவும் இல்லாமல் 'தேர்' மட்டும் நின்றால், அந்தத் தாள் பழைய விதியைத்தான் சோதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வியே தப்பாக வருவதும் உண்டு. 'ஐ ஹேவ் டேஷ் ஃபிரெண்ட்ஸ் இன் சென்னை' என்று மறுபாதி எதுவும் இல்லாமல் கொடுத்து, 'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டையும் விடைப்பட்டியலில் வைத்தால் இரண்டுமே சரி. இப்படிப்பட்ட கேள்விகளைப் பயிற்சிப் புத்தகங்களில் நிறையப் பார்க்கலாம். பிள்ளைகள் ஒரு விடையை மனப்பாடம் செய்துகொண்டு, தமக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான தேர்விலேயே வந்தால், எஸ்.எஸ்.சி. தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் அவகாசம் தருகிறது. அப்போது 'இரண்டும் சரி' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் எடுபடாது. வாக்கியத்தை அப்படியே எழுதி, 'ஃபியூ' போட்டால் வால் 'டு ஐ?' என்று வரும், 'எ ஃபியூ' போட்டால் 'டோன்ட் ஐ?' என்று வரும், இரண்டில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வாக்கியத்தில் எந்தச் சொல்லும் இல்லை என்று காட்டி, இரு சொற்களின் பொருளையும் விளக்கும் இலக்கணப் புத்தகப் பக்கத்தை இணைத்து அனுப்ப வேண்டும்.